யூனிட் அக்காவின் பதினெட்டாயிரம்

என் அண்ணி வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'யூனிட் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். புதிதாகச் சேர்ந்த பெண் அறிக்கையில் யூனிட்டை, அதாவது அது எந்த அளவில் என்பதை, விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் எழுதி நீட்டிவிட்டால் அவ்வளவுதான். தாளைத் திருப்பி மேசைமேல் போட்டு, "நூத்திருபதுன்னா எது நூத்திருபது? ஆட்டுக்குட்டியா?" என்று கேட்பாள். யூனிட் இல்லாத நம்பரும் பெயர் ஒட்டாத குழாயும் ஒன்று, ரெண்டையும் குப்பையில போடு என்பாள். அந்தப் பெண் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவாள். மறுபடி ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

வீட்டிலும் இதே ரோதனைதான். என் மகளுக்கு ஒருமுறை காய்ச்சல் அடித்தபோது பதறிப்போய்ப் பரிசோதனைக் கூடத்துக்கே போன் போட்டு, "அண்ணி, முப்பத்தொம்பது காட்டுது" என்றேன். "எதுல முப்பத்தொம்பது? சொல்லு" என்றாள். பிள்ளை அனலாய்க் கொதிக்கிறாள், இவளுக்கு அதுதான் கேள்வி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான், வரும். அன்றைக்கும் வந்தது. போனை வைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அவளே மருந்தும் கையுமாக வாசலில் வந்து நின்றாள், காலில் ரெண்டு விதச் செருப்பு.

இப்படிப்பட்டவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைதான் அவளைச் சாய்த்தது.

அண்ணன் மகளுக்குக் கைக்குழந்தையில் தோல் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் விற்கிற நாப்கின் எதைக் கட்டினாலும் தொடை சிவந்து தடித்துவிடும். அண்ணி மெல்லிய பருத்தித் துணியை வாங்கி, நாலு முறை துவைத்து, மடித்துத் தைத்துக் கட்டிப் பார்த்தாள். தடிப்பு அடங்கியது. கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். தையல்காரர் ஒருவரைப் பிடித்தாள். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். இணையத்தில் கடை ஒன்று திறந்தாள். துணி நாப்கின், குழந்தைச் சட்டை, வாசனை சேர்க்காத சலவைத்தூள், அவ்வளவுதான் சரக்கு. பகலெல்லாம் பரிசோதனைக் கூடம், சாயங்காலம் பார்சல். விளம்பரத்துக்கும் கொஞ்சம் பணம் போடுவாள். மாதம் நாற்பது பேர்போல புதிதாக வருவார்கள். விளம்பரத்துக்குப் போட்ட பணத்தை வந்தவர்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் தலைக்கு எழுநூறு விழும்.

அப்போது நான் ஒரு பெரிய துணிக்கடையில் நிற்கிற வேலையில் இருந்தேன். நிற்கிற வேலை என்று சும்மா சொல்லவில்லை. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் கேமராவில் பார்த்துவிட்டு இறங்கி வருவார். என்னைக் கட்டியவர் வேறொரு குடித்தனம் அமைத்துக்கொண்டு போய்விட்ட பிறகு, அந்தச் சம்பளத்தில்தான் நானும் என் மகளும் அண்ணன் வீட்டு மாடியில் காலத்தை ஓட்டினோம். குதிகால் வீங்கிப்போய் வீட்டுக்கு வருவேன். அண்ணி வெந்நீரை வைத்துக் கொண்டுவந்து வாளியை என் காலடியில் தள்ளிவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டாள். முகம் பூரித்துப் போயிருந்தது. அவள் முகம் அப்படி ஆவது அபூர்வம், அதனால் அண்ணன்கூட கிரிக்கெட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"ஒரு வாடிக்கையாளர் நம்மகிட்ட வந்தா, போற வரைக்கும் மொத்தமா எவ்வளவு சம்பாதிச்சுக் கொடுத்துட்டுப் போறாங்கன்னு கணக்குப் போடலாமாம். அது தெரிஞ்சாத்தான் ஒருத்தரைப் பிடிக்க எவ்வளவு செலவு பண்ணலாம்னு தெரியும். ஒரு வீடியோல பார்த்தேன். நம்ம கடைக்குப் போட்டுப் பார்த்தேன்."

"போட்டு?" என்றான் அண்ணன்.

"ஒரு ஆர்டர் சராசரியா ஆயிரம். ஒருத்தர் ஆறு ஆர்டர் போடுறாங்க. ஆறாயிரம். துணி, தையல், அட்டைப்பெட்டி, கூரியர், பணம் வாங்கிக் கொடுக்கிறவன் பிடிக்கிற கமிஷன் எல்லாம் போக நூத்துக்கு முப்பது நம்ம கையில நிக்குது. ஆயிரத்து எண்ணூறு. விட்டுட்டுப் போறவங்க நூத்துக்குப் பத்து. ஒண்ணை அந்த விகிதத்தால வகுத்தா ஒருத்தர் எவ்வளவு காலம் இருக்காங்கன்னு வந்துடும். பத்து. ஆயிரத்து எண்ணூறைப் பத்தால பெருக்கு."

"பதினெட்டாயிரம்" என்றேன் நான்.

"பதினெட்டாயிரம்! நான் ஒருத்தருக்கு எழுநூறு செலவு பண்ணவே யோசிச்சுட்டு இருந்தேன். மூணுல ஒரு பங்கு வரைக்கும் போடலாம்னு வீடியோல சொல்றான். நான் அவ்வளவு பேராசைப்பட மாட்டேன்."

அண்ணன் ஒரு பிஸ்கட்டை டீயில் முக்கியபடி, "பதினெட்டாயிரம் லாபம் கொடுக்கிற ஆளா? அப்ப நாளைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து மாடியில குடி வைச்சுடு, இவளைக் கீழே இறக்கிடலாம்" என்றான். நான் அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். அண்ணி சிரித்தாள். மறுநாள் பார்சல் அறையிலிருந்த வெள்ளைப் பலகையில் பெரிதாக 18,000 என்று எழுதி வைத்தாள். பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை.

அந்த எண்ணை நம்பித்தான் அவள் வேலையை விட்டாள். பன்னிரண்டு வருட வேலை. கணக்கு முடித்துக் கொடுத்த மொத்தப் பணமும் கடைக் கணக்கில் போய் விழுந்தது. பிறகு ஒரு சாயங்காலம் வெந்நீர் வாளியோடு வந்தவள், தள்ளிவிட்டுப் போகாமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீயும் விட்டுடு. எங்கூட வந்துடு. உக்கார நாற்காலி தர்றேன்."

"சம்பளம்?"

"அங்க வாங்குறதே."

"அண்ணி, எனக்குப் பொண்ணு இருக்கா. விளையாட்டு இல்ல இது."

"நான் எப்ப விளையாடி இருக்கேன்?" என்றாள். அது சரிதான். அவள் விளையாடி நான் பார்த்ததில்லை. மறுநாளே துணிக்கடையில் சொல்லிவிட்டேன். என் இடத்துக்கு இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்த வாரமே வந்து நின்றாள்.

முதல் மாதங்களில் நாங்கள் பறந்தோம் என்றே சொல்லலாம். விளம்பரத்துக்கு அண்ணி அள்ளிப் போட்டாள். புது ஆட்கள் ரெட்டிப்பானார்கள். டேப் கிழிக்கிற சத்தத்தில் எனக்குக் காது மரத்தது. ஆனால் புதுசாக ஒருவரைக் கொண்டுவர ஆகும் செலவு எழுநூறிலேயே நிற்கவில்லை. முதலில் நம் சரக்கைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் சுலபமாக வந்தார்கள். அவர்கள் தீர்ந்த பிறகு, தேடாதவர்களின் போனில் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டியிருந்தது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று ஏறி, தலைக்கு இரண்டாயிரத்து நானூறில் வந்து நின்றது.

"ஏறுதே அண்ணி" என்பேன்.

பலகையைக் காட்டுவாள். "அதைப் பாரு. இதைப் பாரு. எங்க பதினெட்டாயிரம், எங்க ரெண்டாயிரத்து நானூறு. இன்னும் போடலாம்."

பார்சல் கூடக் கூட வங்கியில் பணம் குறைந்தது. எனக்கு அதுதான் புரியவில்லை. அறை முழுக்க பெட்டி, கூரியர்காரர் தினம் ரெண்டு நடை வருகிறார், கணக்கில் மட்டும் ஓட்டை விழுந்த வாளி. துணி வியாபாரி முதலில் மரியாதையாகக் கேட்டார், பிறகு வெறும் பெயரைச் சொல்லிக் கேட்டார். அண்ணி போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கோ பார்ப்பாள். "முதலீடு. போட்டதும் வந்துடாது. பத்து இருக்கு, மெதுவா வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அண்ணன் என்னிடம் தனியாக, "எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அவகிட்ட கேளேன், நான் கேட்டா சண்டை வருது" என்றான். நான் கேட்டேன். என்னிடமும் சண்டைதான் வந்தது.

கடை மூடினால் நான் எங்கே போவேன்? துணிக்கடையில் என் இடத்தில் ஆள் நிற்கிறது. என் வயதுக்கு இன்னொரு கடையில் கூப்பிட மாட்டார்கள். மாடி வாடகையை அண்ணன் கேட்க மாட்டான், ஆனால் மகளின் பள்ளிக்கூடம் கேட்கும்.

வருடக் கணக்கை முடிக்க ஆடிட்டர் கூப்பிட்டபோது என்னையும் அழைத்துப் போனாள். துணைக்கு என்றாள். ஆடிட்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அலுவலகம் முழுக்க கோப்பு, அவர் மேசையில் மட்டும் ஒரு துண்டுத் தாள் கிடையாது. எங்கள் வங்கிக் கணக்கைத் திரையில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விற்பனை ஏறியிருக்கு. பணம் எங்கம்மா?"

"விளம்பரத்துல இருக்கு மேடம். அது செலவுன்னு நினைக்காதீங்க." அண்ணி இதை எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தவள்போல் சொன்னாள். "ஒரு வாடிக்கையாளர் வர்றதுக்கு ரெண்டாயிரத்து நானூறு ஆகுது. ஆனா அவங்க மூலமா நமக்குப் பதினெட்டாயிரம் வரும்."

"எப்படி?"

அண்ணி சொன்னாள். ஆயிரம், ஆறு, நூற்றுக்கு முப்பது, நூற்றுக்குப் பத்து. சாப்பாட்டு மேசையில் சொன்ன அதே வரிசை, அதே குரல். ஆடிட்டர் குறித்துக்கொள்ளக்கூட இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஒருத்தர் உங்ககிட்ட பத்து இருக்காங்க."

"ஆமா."

"பத்து என்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து என்றால் பத்துதானே, இதில் என்ன சிக்கல் என்று ஆடிட்டரைப் பார்த்தேன். அவர் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்வியில் கிண்டல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இந்த ஆறு ஆர்டர் எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"போன வருஷம் உங்களுக்காக நான் போட்ட பட்டியல்ல இருந்து."

"வருஷத்துக்கு ஆறு. சரி. விட்டுட்டுப் போறவங்க நூத்துக்குப் பத்துன்னு சொன்னீங்களே, அது?"

"கடை மென்பொருள் காட்டுது மேடம். நாலு மாசமா ஒண்ணும் வாங்கலைன்னா அவங்க போயிட்டாங்கன்னு எடுத்துக்கும். முதல் தேதியில இருந்தவங்கள்ல எத்தனை பேர் அந்த..." அண்ணி நிறுத்தினாள். "அந்த மாசத்துல."

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மாசத்துக்குப் பத்து" என்றாள், மிகவும் மெதுவாக. "அப்ப வகுத்து வந்த பத்து, பத்து மாசம். நான் அதை வருஷக் காசால பெருக்கியிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு ஆர்டர் வருடத்துக்கு. பத்து சதவீதம் மாதத்துக்கு. மேலே ஒன்று, கீழே வேறொன்று, ரெண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறாள். ஒரு வீடு பத்து வருடம் எங்களிடம் நாப்கின் வாங்கும் என்று கணக்கு. எந்தப் பிள்ளை பத்து வயதுவரை நாப்கின் கட்டிக்கொண்டு திரியும்? வாரத்துக்கு ரெண்டு பேராவது "பாப்பா வளந்துட்டா, இனிமே தேவைப்படாது, ரொம்ப நன்றி" என்று கடைக்குச் செய்தி அனுப்புவார்கள். நானும் அண்ணியும் மாறி மாறி அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆடிட்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அண்ணி பக்கம் நகர்த்தினார். "நீங்களே போடுங்க."

அண்ணி போட்டாள். இந்த முறை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதினாள். ஒரு ஆளிடமிருந்து ஒரு வருடத்தில் நிற்பது ஆயிரத்து எண்ணூறு. ஒரு மாதத்தில் நூற்றைம்பது. இருக்கும் காலம் பத்து மாதம். நூற்றைம்பதைப் பத்தால் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூறு. அதோடு விடவில்லை. மடிக்கணினியைத் திறந்து, விட்டுப்போன பழைய ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் மொத்தம் எத்தனை ஆர்டர் போட்டிருக்கிறார்கள் என்று சராசரி பார்த்தாள். அஞ்சு. ரெண்டு மாதத்துக்கு ஒரு ஆர்டர், பத்து மாதத்தில் அஞ்சு. ஆர்டருக்கு முந்நூறு நின்றால் ஆயிரத்து ஐந்நூறு. வேறு வழியில் போய்ப் பார்த்தாலும் அதே இடம்தான்.

"ஆயிரத்து ஐந்நூறுக்கு ரெண்டாயிரத்து நானூறு கொடுத்து வாங்கியிருக்கேன்" என்றாள். "ஒரு ஆள் வரும்போதெல்லாம் தொள்ளாயிரம் போயிருக்கு. நான் ஆள் வரலையேன்னு கவலைப்பட்டுட்டு இருந்தேன்."

ஆடிட்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "விட்டுப்போறதைக் குறைக்கலாம். ரெண்டு வயசு, மூணு வயசு சட்டை வெச்சா இன்னும் கொஞ்ச நாள் இருப்பாங்க. மாசத்துக்கு நூத்துக்கு அஞ்சு பேர்னு ஆச்சுன்னா காலம் ரெண்டு மடங்கு, மதிப்பும் ரெண்டு மடங்கு."

"மூவாயிரம்" என்றாள் அண்ணி. "ஆகும்போது பார்க்கலாம் மேடம். இனிமே ஆகாததைக் கணக்குல சேர்க்க மாட்டேன்."

பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வந்தாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஊரெல்லாம் யூனிட் கேட்டு உயிரை எடுத்தீங்களே அண்ணி! புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னாக்கூட எதுலன்னு கேட்டீங்களே! பலகையில ஆறு மாசமா மொட்டையா ஒரு நம்பர் நிக்குது, கண்ணுல படலையா?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"படல" என்றாள். "பெருசா இருந்துச்சு. பிடிச்சிருந்துச்சு. அடுத்தவங்க நம்பரா இருந்தா கேட்டிருப்பேன்."

இன்னும் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைப் பார்த்தேன். டிக்கெட்டை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக ஆக்கி, நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விளம்பரத்தை நிறுத்தினாள். அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அதுவே வீட்டில் துக்கம் விழுந்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் நான் பார்சல் அறைக்குப் போனபோது பலகை துடைக்கப்பட்டிருந்தது. புதிதாக எழுதியிருந்தது: ஒரு ஆளிடமிருந்து, வரும் நாள் முதல் போகும் நாள் வரை, எல்லாச் செலவும் போக, ஆயிரத்து ஐந்நூறு. அதற்குக் கீழே, ஒரு ஆளுக்கு விளம்பரம் எழுநூறைத் தாண்டக் கூடாது. அண்ணி தரையில் உட்கார்ந்து சரக்கை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை.

"நேரா சொல்லிடுங்க அண்ணி. நான் எப்ப நிக்கணும்?"

"எதுக்கு நிக்கணும்?"

"நானும் கணக்குப் போடுவேன். பழையபடி மாசம் நாப்பது பேர் வந்தா, எழுநூறு போக ஒருத்தர்கிட்ட எண்ணூறு நிக்கும். மாசத்துக்கு முப்பத்திரண்டாயிரம். அதுல அறை வாடகை எட்டாயிரம். ரெண்டு பேர் எப்படிச் சாப்பிடுறது?"

"ஒருத்தர் சாப்பிடலாம்" என்றாள். "வாடகை எட்டு, உன் சம்பளம் இருபது. நாலாயிரம் மிஞ்சும். அதைத் துணிக்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துடலாம்."

"நீங்க?"

"பரிசோதனைக் கூடத்துக்குப் பேசிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"உங்க இடத்துல ஆள் போட்டாச்சே."

"அந்த இடம் இல்ல. ரத்தம் எடுக்கிற வரிசையில ஒரு இடம். அறிக்கையில கையெழுத்துப் போடுற வேலை இல்ல."

அவளுடைய பழைய நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முன்பு கழிவறையில் போய் அழுத பெண்களில் ஒருத்தி. 'யூனிட் அக்கா' என்று முதன்முதலில் பெயர் வைத்தவளும் அவள்தான். அவளுக்குக் கீழே அண்ணி நிற்க வேண்டும்.

"இதெல்லாம் வேணாம். கடை உங்களுது. நான் எங்கேயாவது பார்த்துக்கிறேன்" என்றேன். மறுபடி கோபம் வந்தது. "எனக்காக நீங்க போய் அங்க தலை குனிஞ்சு நிக்க வேணாம்!"

அண்ணி எழுந்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டாள். "எனக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கு. உனக்கு இல்ல. என் நம்பரை நம்பித்தானே விட்டே? உக்காரு. முதல்ல பழைய ஆட்களுக்கு ரெண்டு வயசுச் சட்டை வேணுமான்னு கேட்டு எழுது."

நான் உட்கார்ந்தேன். அவள் கொடுத்த நாற்காலிதான். அதில் அன்றைக்கு உட்கார்ந்ததுபோல் கஷ்டமாக நான் எங்கும் நின்றதில்லை.

திங்கட்கிழமை காலையில் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லி நடந்தே போனாள். நான் அன்றைக்குப் பார்சல் போட்டேன், கூரியர்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், பழைய வாடிக்கையாளர்களுக்கு எழுதினேன். ஒரு தாய் இரண்டு வயதுச் சட்டை நாலு கேட்டிருந்தாள். அண்ணியிடம் சொல்ல ஒரு நல்ல சேதி என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நேராக அறைக்கே வந்தாள். கோட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் நின்று பெட்டி மடிக்க ஆரம்பித்தாள்.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"ரத்தம் எடுத்தேன். நரம்பு தேடுற கை இன்னும் மறக்கல."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல. நல்லா நடத்தினாங்க." டேப்பை இழுத்தாள். "புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. மதியம் ஒரு அறிக்கையை என்கிட்ட கொண்டுவந்து காட்டினா. யூனிட் எழுதல. வெறும் நம்பர்."

நான் கையை நிறுத்திவிட்டேன். "திட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவள் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வாய் வரல" என்றாள். "பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்துட்டேன். தேங்க்ஸ் அக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா."

சட்டைச் சேதியைச் சொல்ல வாயெடுத்தேன். "நாலு வந்திருக்கு அண்ணி" என்றேன். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். எது நாலு, ஆட்டுக்குட்டியா என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி" என்றாள் அண்ணி, அடுத்த பெட்டியை எடுத்தாள்.